படத்தில் மட்டும் கோணலான கிண்ணம்

ஒரே மண் கிண்ணத்தின் இரண்டு படங்கள். ஒன்றில் கோணல், மற்றதில் நேர். பெரும்பாலும் குற்றம் கேமராவுடையதுதான். மிக அருகில் எடுத்தால் முன்பக்கம் ஊதித் தெரியும். தள்ளி நின்று ஜூம் செய்து, லென்ஸைக் கிண்ணத்தின் நடு உயரத்தில் வைத்து எடுங்கள். அப்புறம் அதே படத்தை இடவலமாகத் திருப்பி, பாதி ஊடுருவித் தெரியும்படி மங்கலாக்கி அசல் படத்தின் மேலே பொருத்துங்கள். விளிம்புகள் விலகும் இடம்தான் நிஜக் கோணல். கிண்ணத்தைக் கால் சுற்று திருப்பி இன்னொரு முறையும் பார்க்கணும்.

விரிசலில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். வலைபோல் பரவிய மெல்லிய கோடுகள் பெரும்பாலும் மேலே பூசிய கண்ணாடிப் பூச்சான கிளேஸில் மட்டும் இருக்கும். அடியில் எஸ் வடிவில் ஓடும் கோடு மண்ணிலேயே விழுந்தது. சந்தேகமா? விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி எடுங்கள். பளபளப்பு இடம் மாறும், விரிசல் மாறாது. கிளேஸ் தடித்து வழிந்த இடமும் அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.