பயிற்சி இடம் தேடும் படலம்: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 1, ஞாயிறு. டிக்கோயா

தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவின் கடைசி ஆண்டு இது. ஆறு மாதத் தொழிற்பயிற்சி முடித்தால்தான் சான்றிதழ். இடத்தை நாங்களே தேடிக்கொள்ள வேண்டும், கல்லூரி ஒரு கடிதம் தரும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மூத்த மாணவர் ஒருவரின் மாதிரி விண்ணப்பம் சுற்றுகிறது. "நான் கடின உழைப்பாளி, விரைவாகக் கற்பவன், அனுபவம் இல்லாவிட்டாலும் தங்கள் மதிப்புக்குரிய நிறுவனத்தில் ஒரு வாய்ப்புத் தந்தால்…" என்று அது போகிறது. வகுப்பில் பாதிப் பேர் பெயரை மட்டும் மாற்றி அதையே அனுப்பிவிட்டார்கள். அத்தனையும் ஒரே அலுவலரின் மேசையில் போய் விழுந்தால் அவர் என்ன செய்வார்?

ஜூன் 2, திங்கள்

கொழும்பில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கும் பெரியம்மா மகளிடம் கேட்டேன். "முதலில் தலைப்பைத்தான் பார்ப்பேன். 'விண்ணப்பம்' என்று மட்டும் இருந்தால் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிடுவேன். அந்தப் 'பிறகு' வருவதே இல்லை" என்றார் அக்கா.

பயிற்சி மாணவரிடம் யாரும் அனுபவத்தை எதிர்பார்ப்பதில்லையாம். அக்கா தேடுவது வேறு: எந்த மாதத்திலிருந்து வர முடியும், எத்தனை மாதம், எந்த வேலைக்கு, கல்லூரிக் கடிதம் உண்டா, கொழும்பில் தங்க முடியுமா. இவை இல்லாத கடிதத்துக்கு அவர் பதில் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். ஐந்தும் உள்ள கடிதம் பக்கத்திலேயே இருக்கும்போது அவர் ஏன் கேட்கப் போகிறார்?

"அனுபவம் இல்லை என்று நீயாக ஏனடி எழுதுகிறாய்? சுயவிபரத்தில் அந்த இடம் வெறுமையாக இருப்பது எனக்குத் தெரியாதா? செய்த ஒன்றைச் சொல்" என்று முடித்தார்.

ஜூன் 3, செவ்வாய்

செய்த ஒன்று இருக்கிறது. மாமா சிறுதோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து வாங்கி தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார். நிறுவை விபரம் எல்லாம் ஒரு நீளக் கொப்பியில் இருக்கும். மழை நாளில் ஈரக் கொழுந்துக்கு நீர்க் கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, மாதக் கடைசியில் முற்பணக் கழிவு. கணக்கு முடிக்கும் நாளில் மாமி யாரோடும் பேசமாட்டார். சென்ற ஆண்டு பாடத்திட்டச் செயற்றிட்டமாக அதை PHP, MySQL கொண்டு ஒரு சிறு செயலியாக்கினேன். இப்போதும் மாமி அதில்தான் பதிகிறார்.

அதில் சொல்லத் தக்க இடம் ஒன்றுதான். மின்சாரம் போய் வந்த பிறகு, பதிந்தோமா இல்லையா என்ற சந்தேகத்தில் மாமி ஒரே நிறுவைத் துண்டை இரண்டு முறை பதிந்துவிடுவார். கொடுக்க வேண்டிய தொகை கூடிவிடும். கவனமாக இருக்கச் சொல்லிப் பார்த்தோம், பலனில்லை. தரவுத்தளமே மறுக்கும்படி செய்தேன்:

```sql
ALTER TABLE weighments
ADD UNIQUE (supplier_id, weigh_date, slip_no);
```

முதலில் இது ஓடவில்லை. `Duplicate entry` என்று நின்றது, ஏனென்றால் இரட்டைப் பதிவுகள் ஏற்கெனவே உள்ளே இருந்தன. அவற்றைத் தேடி, துண்டுகளோடு ஒப்பிட்டு நீக்கிய பிறகுதான் கட்டளை ஏற்கப்பட்டது. ஆட்சேர்ப்பவருக்குச் சொல்ல வேண்டியது இந்தக் கதையைத்தான். "PHP தெரியும்" என்று யாரும் எழுதலாம்.

ஜூன் 4, புதன்

கடிதத்தில் கிட்ஹப் இணைப்பைக் கொடுப்பதற்கு முன் அந்நியக் கண்ணோடு ஒருமுறை பார்த்தேன். சோதனைத் தரவாக வைத்திருந்தது கொழுந்து கொடுப்பவர்களின் உண்மைப் பெயரும் தொலைபேசி எண்ணும். `config.php` கோப்பில் கடவுச்சொல் அப்படியே கிடந்தது. கோப்பை அழித்தால் மட்டும் போதாது, பழைய கமிட்டுகளில் எல்லாம் அப்படியே இருக்கும். அதனால் கடவுச்சொல்லை மாற்றினேன். கற்பனைப் பெயர்களோடு புதிய களஞ்சியம் ஒன்று தொடங்கி, பழையதை மறைத்துவிட்டேன். எப்படி நிறுவுவது என்று அரைப் பக்கமும் இரண்டு திரைப்பிடிப்புகளும் சேர்த்தேன். பெரும்பாலோர் நிரலைத் திறக்கமாட்டார்கள், படத்தைப் பார்ப்பார்கள்.

வெளியே தென்மேல் பருவமழை. சிக்னல் வந்து வந்து போகிறது.

ஜூன் 5, வியாழன்

கொழும்பு நிறுவனம் ஒன்றுக்குக் காலை எட்டரைக்கு விண்ணப்பக் கடிதத்தை அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது.

தலைப்பு: "மென்பொருள் பயிற்சி மாணவர், ஆகஸ்ட் முதல் ஆறு மாதம்", அதன் பின் என் பெயர்.

"வணக்கம். நான் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா இறுதியாண்டு மாணவி. ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை முழுநேரத் தொழிற்பயிற்சி செய்ய வேண்டும், கல்லூரிக் கடிதம் தரப்படும். உங்கள் வலைச் செயலிக் குழுவில் பயிற்சி இடம் உண்டா என்று அறிய எழுதுகிறேன்.

கொழுந்து வாங்குபவர் ஒருவருக்காக PHP, MySQL கொண்டு நிறுவைப் பதிவேடு ஒன்று செய்திருக்கிறேன், அது தினசரி பயன்பாட்டில் உள்ளது. ஒரே நிறுவை இரண்டு முறை பதியப்படும் சிக்கலைத் தரவுத்தள மட்டத்தில் தீர்த்தேன். இணைப்பு கீழே உள்ளது.

கொழும்பில் தங்கி வேலை செய்ய முடியும். இந்தச் சுற்றில் இடம் இல்லையென்றால் அடுத்த சுற்றுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்."

கடைசி வரி அக்காவின் யோசனை. இடம் இல்லை என்று சொல்லத் தயங்குபவர்கூட ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லத் தயங்கமாட்டாராம். சுயவிபரம் ஒரு பக்கம், PDF. கோப்புக்கு என் பெயரையே வைத்தேன். `CV_final_new2.pdf` என்று அனுப்பும் தோழர்களை எனக்குத் தெரியும்.

உதவித்தொகை பற்றி எழுதவில்லை. "போடிங் வாடகைக்கு என்ன செய்வாய்?" என்று அப்பா கேட்டார், நியாயமான கேள்வி. ஆனால் இடம் உண்டா என்றே தெரியாதபோது அது முந்திரிக்கொட்டைத்தனம். நேர்முகத்தில் கேட்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, விடுமுறை. பதில் இல்லை. இன்று நினைவூட்டினால் விடுமுறைகூடத் தெரியாதவள் என்றுதான் நினைப்பார்கள்.

ஜூன் 13, வெள்ளி

புதிய மின்னஞ்சல் எழுதாமல் பழையதற்கே பதிலாக அனுப்பினேன், இணைப்புகள் எல்லாம் அங்கேயே இருக்கட்டும் என்று. "ஐந்தாம் தேதிக் கடிதம் தொடர்பாக எழுதுகிறேன். பயிற்சிக் காலம் மாறவில்லை. வேறு விபரம் தேவைப்பட்டால் அனுப்புகிறேன்." அவ்வளவுதான். இதற்கும் பதில் வராவிட்டால் மூன்றாவது முறை எழுதமாட்டேன், அடுத்த நிறுவனத்தைப் பார்ப்பேன்.

ஜூன் 16, திங்கள்

பதில் வந்துவிட்டது! கல்லூரிக் கடிதத்தின் பிரதி கேட்கிறார்கள். வியாழன் காலை பத்து மணிக்குக் காணொளி நேர்முகம், குழுத் தலைவர் ஒருவரும் இருப்பார். அவருடைய கேள்வி ஒன்றை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார்கள்: "இரட்டைப் பதிவை ஏன் PHP நிரலில் தடுக்காமல் தரவுத்தளத்தில் தடுத்தீர்கள்?"

விடை தெரியும். நிரல் முதலில் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகுதான் பதியும், அந்த இடைவெளியில் இன்னொரு பதிவு நுழைந்துவிடலாம். தரவுத்தளத்தில் அந்த இடைவெளி இல்லை. ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: மாமி துண்டு எண்ணையே தவறாக அடித்தால் இந்தத் தடை பிடிக்காது.

வியாழக்கிழமை ஹட்டன் நகரில் மாமா வீட்டிலிருந்து பேசப் போகிறேன், அங்கே ஃபைபர் இணைப்பு இருக்கிறது. மாமி அன்று காலை கணக்குப் பார்க்கமாட்டாராம், மடிக்கணினி எனக்குத்தான்.