உள்ளேயா, வெளியேயா?

நமக்கு அனற்றமி படிப்பித்த சேர் காலமான பிறகு வருகிற முதல் மலர் இது. அவரைப் பற்றி எழுதும்படி சங்கத்தில் கேட்டார்கள். அவருடைய விரிவுரைகளைப் பற்றி நம் பட்ச் ஆட்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது, அவர் பக்கத்தில் இல்லாத ஓர் இரவைப் பற்றி.

இரண்டாம் எம்.பி. அனற்றமி வைவாவுக்கு முதல் நாள் இரவு. 1990இல் போன மின்சாரம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வராத காலம். விடுதி அறையில் ஆளாளுக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் குரலே கேட்கவில்லை. எலும்புப் பையையும் ஜாம் போத்தல் விளக்கையும் எடுத்துக்கொண்டு பீடத்துக்கு நடந்தேன். காவல்கார ஐயா ஒன்றும் கேட்காமல் கீழ்மாடி வகுப்பறையைத் திறந்துவிட்டார். "யன்னலைச் சாத்திப்போட்டு இரு தம்பி, வெளிச்சம் வெளியாலை தெரியப்படாது" என்று மட்டும் சொன்னார்.

சேரின் வைவா எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். எலும்பைக் கையில் தருவார். பேசமாட்டார். கேள்வி வரும் என்று காத்து நின்றவர்கள் அந்த மௌனத்திலேயே பாதி தோற்றுப்போவார்கள். கேள்வி இல்லாமலே தொடங்க வேண்டும் என்பதுதான் அவர் எதிர்பார்த்தது. எந்த எலும்பு, எந்தப் பக்கம், உடம்பில் எப்படி நிற்கும், இந்த ஒழுங்கில்.

நான் மேசையின் ஒரு பக்கத்தில் சேரின் நாற்காலியில் இருந்து எலும்பை நீட்டினேன். எழுந்துபோய் மறுபக்கம் நின்று அதை வாங்கினேன். கேட்பவனும் நான், சொல்பவனும் நான். ஃபீமரைத்தான் முதலில் எடுத்தேன். பல பட்ச் கை மாறி வந்த எலும்பு, பிடித்த இடமெல்லாம் மினுங்கும். அந்த வெளிச்சத்தில் பார்ப்பதைவிடத் தடவிப் பார்ப்பது சுலபமாக இருந்தது. உருண்டைத் தலை மேலேயும் உட்பக்கமாகவும் இருக்க வேண்டும். தண்டின் வழுவழுப்பான வளைவு முன்னுக்கு, நீளமாக ஓடும் கரடுமுரடான வரம்பு பின்னுக்கு. இந்த மூன்றும் பொருந்தினால் இடமா வலமா என்பதில் பிழை வராது.

அடுத்தது நிற்கும் விதம். பலர் தண்டை நேர்குத்தாகப் பிடித்துக் காட்டுவார்கள். அப்படிப் பிடித்தால் முழங்கால் பக்கத்து முண்டுகள் இரண்டில் ஒன்று மேசையைத் தொடாது. இரண்டையும் ஒருசேர மேசையில் வைத்தால் தண்டு தானாக வெளிப்பக்கம் சாயும். முழங்கால்கள் கிட்டக்கிட்டவும் இடுப்பு மூட்டுகள் எட்டவும் இருப்பதால் வருகிற சாய்வு அது. மேசையில் வைத்துப் பார்த்தேன், சாய்ந்தது. அதுவரை எல்லாம் சரி.

அப்புறம் நாற்காலியில் இருந்து சேரின் குரலில் கேட்டேன். அவர் எந்த எலும்பையும் எலும்போடு விடமாட்டார், கடைசியில் ஒரு நோயாளி வந்தே தீருவார். "ஒரு ஆச்சி முத்தத்திலை வழுக்கி விழுந்திட்டா. எழும்ப ஏலாது. கால் கட்டையாய்ப் போச்சு, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கு. ஃபீமரின்ரை கழுத்திலை முறிவு. சொல்லும், உள்ளேயா, வெளியேயா?"

மறுபக்கம் வந்து நின்றால் வாயில் பதில் இல்லை. மூட்டைச் சுற்றிய கப்சியூலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் கேள்வி. கப்சியூல் எங்கெங்கே ஒட்டுகிறது என்ற வரிகள் எனக்கு மனப்பாடம். ஆனால் அது உள்ளே இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன?

கரும்பலகைக்குக் கீழே கிடந்த சோக்குத் துண்டை எடுத்து எலும்பிலேயே கோடு போட்டேன். முன்பக்கம் கப்சியூல் கழுத்தின் அடிவரை இறங்கி, இரண்டு புடைப்புகளுக்கும் இடையில் ஓடும் கோட்டில் ஒட்டுகிறது. அதாவது முன்னால் கழுத்து முழுவதும் உள்ளே. பின்பக்கம் அது அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. அடியிலிருந்து ஒரு விரலகலம் மேலேயே நின்றுவிடுகிறது. பிறகு பையின் ஓரத்திலிருந்து நூல் பிரித்து ஈரமாக்கி, கழுத்தின் அடியிலிருந்து தலைவரைக்கும் ஒட்டினேன். தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஏறும் வழி அதுதான். கப்சியூலுக்குக் கீழே எலும்போடு ஒட்டிக்கொண்டு மேலே போகின்றன.

தலைக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தால் ஒரு முறிவு கீறினேன். நூல் எல்லாம் அந்தக் கீறலைக் கடந்துதான் போயின. அந்த இடத்தில் எலும்பு முறிந்து விலகினால் குழாய்களும் கிழியும். தலையின் குழிக்குள் இறங்கும் இணைப்பு நாரோடு வருகிற சிறு குழாய் ஒன்று மிஞ்சும். வயதானவர்களுக்கு அது போதாது. எலும்பைப் பொருத்தி வைத்தாலும் தலை இறந்துபோகலாம். இன்னொரு கீறலை இரண்டு புடைப்புகளுக்கும் நடுவே போட்டேன். அது நூல்கள் தொடங்கும் இடத்துக்கும் கீழே. சுற்றிலும் தசை, தாராளமான இரத்தம். வீக்கமும் கண்டலும் கூடுதலாக இருக்கும், ஆனால் எலும்பு பொருந்தும். ஒரு விரலகல வித்தியாசத்தில் வைத்தியமே மாறிவிடுகிறது.

நாற்காலிக்குத் திரும்பிப் போய் அடுத்த கேள்வியையும் கேட்டேன். காலைப் பார்த்தே சொல்லிவிடலாமா? முடியாது. கட்டையாவதும் பாதம் திரும்புவதும் இரண்டிலும் வரும். முறிவு விலகாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றால் கால் கட்டையாகாது, ஆச்சி நடந்தும் வருவா. எக்ஸ்ரே பார்க்காமல் சொல்லக்கூடாது. இதை உரத்துச் சொன்னபோது, அந்த வெறும் வகுப்பறையில், முதல் தடவையாக ஒரு டொக்டரின் குரலில் பேசியது போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம் பிறகு எந்தப் பரீட்சை முடிவிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் சேர் என் கையில் தந்தது ஸ்கபுலா. பாஸ் பண்ணினேன்.

அந்த ஃபீமர் எனக்கு உதவியது லண்டனில். இரவுக் கடமையில் விழுந்த ஆச்சிமார் வராத கிழமை இல்லை. உள்ளே முறிந்து விலகியிருந்தால், வயதானவர்களுக்குப் பெரும்பாலும் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைப்போம். வெளியே என்றால் பொருத்தி ஆணியோ தகடோ போடுவோம். எந்த எக்ஸ்ரேயைப் பார்த்தாலும் முதலில் கண் தேடுவது அந்தச் சோக்குக் கோட்டைத்தான். என்னிடம் பழகிய பிள்ளைகளுக்கும் எலும்பையும் நூலையும் கொடுத்தே காட்டினேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அதிகாலையில் சேரின் மகள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினா. கிணற்றடியில் விழுந்துவிட்டார். பெயரைப் பார்க்கும் முன்பே முறிவைப் பார்த்துவிட்டேன். அழைத்ததும் போனை அவரே வாங்கினார். சுகம் விசாரிக்க விடவில்லை.

"தம்பி, உள்ளேயா, வெளியேயா?"

"உள்ளே சேர். விலகியும் இருக்குது."

"அப்ப தலையை எடுக்க வேணும், என்ன?"

"ஓம் சேர்."

"சரி. அதைத்தான் இவையளும் சொல்லுகினம்."

நான் வந்து நிற்கட்டுமா என்று கேட்டேன். "அவ்வளவு தூரத்திலையிருந்து ஏன் காணும்" என்றார். நானும் போகவில்லை. போயிருக்க வேண்டும். அறுவைக்காக இல்லை, அது நன்றாகவே நடந்தது, தடியோடு சில வருடங்கள் நடந்தும் திரிந்தார். கட்டில் பக்கத்தில் நின்று அந்த இரவைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். அவருடைய நாற்காலியில் இருந்து அவர் குரலில் நான் கேட்ட கேள்வி அது என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

அவருக்கு அறுவை செய்தவர் நமக்குப் பல பட்ச் கீழே படித்தவர். அவரும் சேரிடம்தான் எலும்பு படித்தார். வெளியே போக வழியிருந்தும் போகாமல் அங்கேயே நின்றுவிட்டவர்.