மாமியின் கோப்பை

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காகக் கல்லடியில் எங்கள் வீட்டில் ஒரு மதிய விருந்து வைத்தோம். 45 பேர். பிரியாணியை வெளியில் சொல்லிவிட்டோம். வட்டிலப்பம் மட்டும் வீட்டில்தான் செய்ய வேண்டும், அதுவும் மாமியின் கைப்பக்குவத்தில் வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். மாமி என்றால் உறவு அல்ல. அம்மாவின் காத்தான்குடித் தோழி. மௌத்தாகி ஆறு வருடமாகிறது. அவர் கைப்பட எழுதிக் கொடுத்த அட்டை இலண்டனில் அக்காவிடம் இருந்தது. அவள் அதைப் படம் பிடித்து அனுப்பினாள்.

படத்தில் இருந்தது இவ்வளவுதான்: முட்டை 8, சுரண்டிய கித்துல் கருப்பட்டி 2 கோப்பை, கட்டித் தேங்காய்ப்பால் 2 கோப்பை, ஏலக்காய் 6, சாதிக்காய் கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை, மேலே தூவக் கஜு. 12 பேருக்கு. முக்கால் மணி நேரம் அவிக்கவும்.

கருப்பட்டி வரியைப் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. பால் வரியில் ‘2’க்கும் ‘கோப்பை’க்கும் நடுவே ஒரு சிறு இடைவெளிதான். கருப்பட்டி வரியிலோ இன்னோர் எழுத்து நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. கமராவின் வெளிச்சம் அந்த இடத்தில்தான் வெள்ளையாகப் பட்டிருந்தது. ஃப்ளாஷை நிறுத்திவிட்டு, ஜன்னலோரத்தில் அட்டையைச் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். மை மங்கிப்போன இடத்தில் பேனா அழுத்திய பள்ளம் தெரிந்தது. 2½. அந்த அரையை விட்டிருந்தால் கருப்பட்டியில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும்.

அடுத்தது பெருக்கல். 45 பேரை 12ஆல் வகுத்தால் 3.75, எட்டு முட்டைக்கு முப்பது முட்டை. கணக்கு சரிதான், ஆனால் பெரிய அளவில் இறங்குமுன் அட்டையில் உள்ளபடி ஒரு முறை செய்து, ஒவ்வொன்றையும் கிராமில் எழுதி வைத்துக்கொள்ள நினைத்தேன். நல்ல வேளை.

என்னிடம் இருந்தது கடையில் வாங்கிய 240 மில்லிலீற்றர் அளவுக் கோப்பை. கருப்பட்டியைக் கத்தியால் சுரண்டித் தளர்வாக நிரப்பித் தராசில் வைத்தேன்: 125 கிராம். அதையே கரண்டியின் பின்பக்கத்தால் அமுக்கி நிரப்பினேன்: 190 கிராம். ஒரே கோப்பை, ஒரே கருப்பட்டி. இரண்டரைக் கோப்பைக்குப் பார்த்தால் ஒரு வழியில் 312 கிராம், மற்ற வழியில் 475. சீனியைப் போலக் கருப்பட்டி தானாக அடைந்து உட்காருவதில்லை. சீவல் சீவலாக நின்று நடுவில் காற்றை வைத்துக்கொள்கிறது. ‘ஒரு கோப்பை கருப்பட்டி இத்தனை கிராம்’ என்று அட்டவணை போடுபவர்கள் எந்தக் கையால் நிரப்பினார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அமுக்கி அளந்தே செய்தேன். முக்கால் மணி நேரம் கழித்தும் நடுப்பகுதி கூழாகவே இருந்தது. இன்னும் கால் மணி நேரம் விட்டேன். ஆறிய பிறகு வெட்டினால் துண்டு நிற்கவில்லை, மெதுவாகச் சரிந்தது. தித்திப்பு தொண்டையைப் பிடித்தது. தோற்றதற்குக் காரணம் எளிது: வட்டிலப்பத்தை இறுக்கிப் பிடிப்பது முட்டை. இனிப்பு ஏற ஏற அது இறுகுவதற்கு அதிகச் சூடு வேண்டும். பால் கூடினால் பிடிப்பும் தளரும். நான் இரண்டையும் ஒன்றாகக் கூட்டியிருந்தேன். எட்டு முட்டையையும் உடைத்து ஊற்றி நிறுத்தபோது 392 கிராம் இருந்தது. அதற்கு எதிரே கருப்பட்டி 475, பால் 480.

அப்போதுதான் மாமியின் மூத்த மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ராத்தா, உம்மா கருப்பட்டியை அமுக்கியா அளப்பார்?”

“அமுக்கித்தான், தங்கச்சி. ஆனால் எந்தக் கோப்பையால்? உம்மா தேநீர்க் கோப்பையால்தானே எல்லாவற்றையும் அளப்பார். காது உடைந்துபோய் இங்கேதான் கிடக்கிறது.”

அவர் வீட்டில் தராசு இல்லை. பேரப்பிள்ளையின் பால்போத்தல் இருந்தது, அதில் அளவுக் கோடுகள் இருந்தன. கோப்பையைத் தண்ணீரால் நிரப்பிப் போத்தலில் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். 200இல் நின்றது.

எல்லாம் பொருந்திவிட்டது. 240க்கு 190 கிராம் என்றால் 200க்கு ஏறக்குறைய 158. இரண்டரைக் கோப்பைக்கு 395, அதாவது கிட்டத்தட்ட 400 கிராம். பால் இரண்டு கோப்பை, 400 மில்லிலீற்றர். முட்டை 392 கிராம். மூன்றும் ஏறத்தாழ ஒரே எடை. மாமி அட்டையில் மறைத்து வைத்திருந்தது இந்தச் சமநிலைதான்; அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பது வேறு விடயம். இரண்டாவது முறை இந்த அளவில் செய்தேன். முக்கால் மணி நேரத்தில் இறுகி, கத்தி சுத்தமாக வெளியே வந்தது. அப்பா ஒரு துண்டு தின்றுவிட்டு ஒன்றும் பேசாமல் இரண்டாவதை எடுத்தார்.

இப்போது கிராமில் பெருக்கலாம். ஒரு முறைக்கு மொத்தம் 1,200 கிராம். பன்னிரண்டு பேருக்கு என்றால் ஆளுக்கு 100. பிரியாணி தின்ற வயிற்றுக்கு 80 கிராம் போதும் என்று பட்டது. 45 பேருக்கு 3,600 கிராம், ஆகவே 3.75 அல்ல, மூன்று மடங்கு. கருப்பட்டி 1,200 கிராம், பால் 1,200 மில்லிலீற்றர், முட்டை 1,176 கிராம். பாலுக்கு ஆறு தேங்காய் ஆயிற்று. முட்டையை எண்ணாமல் நிறுத்ததும் நல்லதாகப் போயிற்று. விருந்துக்கு வாங்கியவை சிறியவை, உடைத்தால் ஒன்று 45 கிராம்தான். 24 போட வேண்டிய இடத்தில் 26 போட்டேன்.

ஏலக்காயை மட்டும் மூன்றால் பெருக்கவில்லை. பதினாலு போட்டு, கலவையை மோந்து பார்த்து நிறுத்திக்கொண்டேன். இதற்குக் கணக்கு ஒன்றும் என்னிடம் இல்லை, மூக்குதான்.

நேரத்தையும் பெருக்கக் கூடாது. அவியும் நேரத்தைத் தீர்மானிப்பது கலவையின் ஆழம். முழுவதையும் ஒரு பெரிய சட்டியில் ஊற்றியிருந்தால், நடு இறுகுமுன் ஓரம் வெந்து பொத்தலாகித் தண்ணீர் விட்டிருக்கும். சோதனைக்கு எடுத்தது ஆறுக்கு எட்டு அங்குலத் தட்டு. அதில் ஒன்றரை அங்குல உயரம் வந்தது. அதே அளவில் மூன்று தட்டு எடுத்தேன். ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஐந்தும் குறுக்கே மூன்றுமாக வெட்டினால் பதினைந்து துண்டு. கருப்பட்டியைக் கொஞ்சம் பாலில் கரைத்து வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகே முட்டையில் சேர்த்தேன். வடியில் மணலும் தும்பும் தங்கின. சட்டி மூடியில் துணி கட்டினேன், இல்லாவிட்டால் சொட்டும் நீர் மேற்பரப்பில் குழி போடும்.

தட்டுப் பிடிக்கும் பெரிய சட்டி இரண்டுதான் இருந்தது. மூன்றாவது தட்டுக்கான கலவை முக்கால் மணி நேரம் பானையிலேயே காத்திருந்தது. அவசரத்தில் அதைத் திரும்பக் கலக்காமல் ஊற்றிவிட்டேன். தேங்காய்ப்பாலின் கொழுப்பு மேலே மிதந்துவிட்டிருந்தது. வெட்டியபோது அந்தப் பதினைந்து துண்டுகளும் மேலே வெளிறியும் கீழே கறுத்தும் இரண்டு நிறத்தில் இருந்தன. கஜுவை நிறையத் தூவி அந்தத் தட்டைக் கடைசியாகக் கொண்டுபோனேன். ராத்தா மட்டும் துண்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.