ரோட்டோஸ்கோப்பில் தட்டடவு: ஃபைனல் ப்ராஜெக்டில் என்னைக் காப்பாற்றிய ஒரே அட்டவணை

ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. பாஸ், நல்ல மார்க்கோடு. இரண்டாவது ரிவ்யூவில் என் வேலையை மொத்தமாகத் திருப்பி அனுப்பியபோது இதை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வருஷம் நடனத்தை ரோட்டோ பண்ணப் போகிறவர்களுக்கு, அதாவது ஆடிய வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாக டிரேஸ் பண்ணி அனிமேஷன் ஆக்கப் போகிறவர்களுக்கு, அதில் என்ன தப்பானது, எப்படித் திருத்தினேன் என்பதை மட்டும் சொல்கிறேன். கான்செப்ட் நோட், ப்ராசஸ் புக் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

என் படம் 38.4 விநாடி. ஒரு பெண் பரதநாட்டியத்தில் முதலில் கற்றுத்தரும் தட்டடவை, ஒன்றைவிட ஒன்று இரு மடங்கு வேகமான மூன்று காலத்திலும் ஆடுகிறாள், அவ்வளவுதான். ஆதி தாளம், ஒரு அட்சரத்துக்கு 0.8 விநாடி. எட்டு அட்சரம் சேர்ந்த ஒரு ஆவர்த்தனம் 6.4 விநாடி. காலத்துக்கு இரண்டு ஆவர்த்தனம். விநாடிக்கு 25 ஃப்ரேமில் மொத்தம் 960 ஃப்ரேம். எல்லோரையும் போல நானும் ‘ஆன் டூஸ்’, அதாவது ஒரு படம் இரண்டு ஃப்ரேம் நிற்கட்டும் என்று முடிவு பண்ணி, ஒன்று விட்டு ஒரு ஃப்ரேமாக 480 படம் டிரேஸ் பண்ணினேன். ஏழு வாரம் போனது.

ஆடியது எங்கள் தெருப் பெண், மயிலாப்பூரில் பன்னிரண்டு வருஷமாகக் கற்றுக்கொள்கிறவள். முடித்ததும் முதலில் அவளிடம்தான் போட்டுக் காட்டினேன். முதல் காலம் பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் காலம் வந்ததும் முகம் மாறிவிட்டது. “அக்கா, நான் தாளம் விட்டிருக்கேனா?” என்று கேட்டாள். ஒரிஜினல் வீடியோவைப் போட்டேன். அதில் ஒரு தட்டு கூடப் பிசகவில்லை. தப்பு என் படத்தில்தான் இருந்தது. ரிவ்யூவிலும் அதையேதான் சொன்னார்கள்: “கால் மிதக்குது.”

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. ஒரு அட்சரம் 20 ஃப்ரேம். மூன்றாம் காலத்தில் அதற்குள் நாலு தட்டு, அதாவது ஐந்து ஃப்ரேமுக்கு ஒன்று. தட்டுகள் 1, 6, 11, 16 என்று விழுகின்றன. நான் வரைந்திருப்பதோ 1, 3, 5, 7, 9, 11 என்று ஒற்றைப்படை ஃப்ரேம்களை. ஆறாவது ஃப்ரேமில் பாதம் தரையில் அறைகிறது, சலங்கை ஒலிக்கிறது. ஆனால் திரையில் ஐந்தாவது ஃப்ரேமின் படமே நீடிக்கிறது, அதில் கால் இன்னும் அந்தரத்தில் இருக்கிறது. ஏழாவது வரும்போது சத்தம் கடந்துவிட்டது. ஒன்று விட்டு ஒரு தட்டு இப்படித் தவறுகிறது. முதல் காலத்தில் ஒவ்வொரு தட்டும் 20 ஃப்ரேம் இடைவெளியில், ஒற்றைப்படை எண்ணிலேயே விழுந்ததால் பிழை தெரியவில்லை.

ஆகவே வரைவதற்கு முன்னால் தட்டுகளைக் குறியுங்கள். இந்த ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். ஆடியோ வேவ்ஃபார்மைத் திறந்தால் ஒவ்வொரு தட்டும் கூரான முள்ளாக நிற்கும். அந்த ஃப்ரேம் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். கணக்குப் போட்டு எழுதாதீர்கள். மெட்ரோனோம் போட்டு ஆடினாலும் மனுஷக் கால் அது. என் அட்டவணையில் இடைவெளி பெரும்பாலும் 5, அங்கங்கே 4, சில இடத்தில் 6. வேவ்ஃபார்மில் எடுத்த எண்ணில் பாதம் தரையில் இருக்கிறதா என்று வீடியோவிலும் பாருங்கள். சந்தேகம் வந்தால் தட்டுப் படத்தை ஒரு ஃப்ரேம் முன்னால் வையுங்கள். சத்தத்துக்குக் கொஞ்சம் முந்தினால் கண் மன்னித்துவிடும், பிந்தினால் மன்னிக்காது.

பிறகு வரைந்தது இப்படி. தட்டு விழும் ஃப்ரேமில் ஒரு படம், அதை மூன்று ஃப்ரேம் நிறுத்தினேன். மற்றக் கால் மேலே இருக்கும் படம் ஒன்று, அது இரண்டு ஃப்ரேம். உடனே அடுத்த தட்டு. கால் கீழே இறங்கும் வழியை வரையவே இல்லை. மேலே இருந்த கால் அடுத்த கணம் தரையில் இருப்பதால்தான் அந்த அறைச்சல் வருகிறது. இடைப்படம் போட்டால் கால் மெதுவாக இறக்கி வைத்தது போல ஆகிவிடும். மூன்றாம் காலத்தில் 64 தட்டு, தட்டுக்கு இரண்டு படம் என்று 128. முன்பு அதே பகுதிக்கு 160 வரைந்திருந்தேன். படம் குறைந்தது, தாளம் வந்தது.

வழுக்குகிற பாதம் இன்னொரு தொல்லை. ஒவ்வொரு படத்திலும் ஊன்றிய காலைப் புதிதாக டிரேஸ் பண்ணினால் கோடு அரை மில்லிமீட்டர் இங்கும் அங்கும் போகும். தோளில் அது உயிர்ப்பாகத் தெரியும். பாதத்தில் எண்ணெய்த் தரையில் நிற்பது போலத் தெரியும். ஊன்றிய பாதத்தைத் தனி லேயரில் ஒரு முறை வரைந்து, அது தரையை விட்டு எழும்பும் வரை அதையே வையுங்கள். தட்டடவில் கை இடுப்பில்தான், உடம்பு அசையக் கூடாது. அதற்காக ஒரே படத்தை உறைய வைத்தால் பொம்மை ஆகிவிடும். இடுப்புக்கு மேலே ஒரே நிலையை மூன்று தடவை டிரேஸ் பண்ணி மாற்றி மாற்றி ஓட்டினேன்.

ஷூட்டிங்கில் செய்த தப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

– முதலில் ஹாலில், டியூப்லைட்டில், போனில் எடுத்தேன். இறங்கும் கால் வெறும் புகையாகப் பதிந்தது. தை மாசக் காலை ஏழரை மணிக்கு மொட்டை மாடியில், இரவல் கேமராவில் 50 ஃப்ரேம், ஷட்டர் 1/500 வைத்துத் திரும்ப எடுத்தேன். விரல் நகம் வரை தெளிவு.

– பட்டு காஸ்ட்யூம் வேண்டாம். விசிறி மடிப்பு முழங்காலை மறைக்கும், நீங்கள் துணியின் ஓரத்தை டிரேஸ் பண்ணுவீர்கள், முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி காணாமல் போகும். ப்ராக்டீஸ் புடவையில் ஆடச் சொல்லுங்கள். உடையைப் பிறகு வடிவமைக்கலாம்.

– கேமரா இடுப்பு உயரத்தில், தள்ளி நிற்கட்டும். பாதமும் தரையும் சேரும் கோடு ஃப்ரேமுக்குள் இருக்க வேண்டும். நான் சாக்பீஸில் தரையில் ஒரு கோடு போட்டேன்.

– போன் வீடியோதான் கதி என்றால், அதில் ஃப்ரேம் இடைவெளி ஒரே சீராக இருக்காது. எண் குறிப்பதற்கு முன்பே சீராக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அட்டவணை கடைசி நிமிஷத்தில் விலகும்:

```
ffmpeg -i thattu.mp4 -vf fps=25 thattu_25.mp4
```

நான் எண்ணி எண்ணி வேலை செய்கிற ஆள். கை போன போக்கில் வரைகிறவர்களுக்கு இந்த நோட்டு எரிச்சலாக இருக்கும். அப்படியானால் தட்டு ஃப்ரேம்களையாவது முதலில் வரைந்து, அவற்றை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். தாளம் அதிலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேற்கொண்டு ஒரு கோடு கூடப் போடாதீர்கள்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் படத்தை ஒரு தடவை பார்த்தார். “சவுண்டை ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க” என்றார். மேஜையில் விரலால் தட்டத் தொடங்கினார். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். எனக்கு மூச்சே வரவில்லை. கடைசித் தட்டில் கால் தரையில் நின்றபோது அவர் விரலும் நின்றது. பிறகு அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, மூன்றாம் காலப் பக்கத்தில் 4 என்று எழுதியிருந்த ஒரு இடத்தைக் காட்டி, “இங்க அந்தப் பொண்ணு கொஞ்சம் முந்திட்டாளா?” என்றார். “ஆமா சார், நான் திருத்தலை, அப்படியே விட்டுட்டேன்” என்றேன்.