ஹட்டனிலிருந்து லண்டனுக்குக் கைக்குழந்தையோடு: தொட்டில் சீட், பால்மா, காதடைப்பு, கடதாசிகள்

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். விமானத்தின் முன்தடுப்புக்கு நேர் பின்னால் உள்ள வரிசைக்குத் தனிக்காசு கேட்கிறார்கள். அந்தத் தடுப்பில்தான் குழந்தைத் தொட்டிலை மாட்டுவார்கள் என்பதால் நாமும் கொடுக்கிறோம். ஆனால் அந்தக் காசு சீட்டுக்கு மட்டும்தான். தொட்டிலை வேறாகக் கேட்க வேண்டும். கேட்டாலும் “கிடைத்தால் தருவோம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே டிக்கெட் எடுத்த அன்றே ஏஜென்சிக்காரரை நம்பிக்கொண்டிருக்காமல் விமான நிறுவனத்துக்கு நேரே அழைத்து, பிள்ளையின் வயது, நிறை, நீளம் மூன்றையும் சொல்லித் தொட்டிலைப் பதிந்துகொள்ளுங்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்துங்கள். பல நிறுவனங்கள் தொட்டில் பதிந்தவர்களுக்கு அந்த வரிசையைச் சும்மாவே ஒதுக்கும். அதைக் கேட்காமல் இணையத்தில் காசு கட்டுவது வீண் செலவு.

நிறை எல்லை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் 10, 11 கிலோவோடு நின்றுவிடும். ஆறு மாதப் பிள்ளைக்கு அது தாராளம். பதினொரு மாதத்தில் கொழுகொழு என்று இருக்கும் பிள்ளையென்றால் காலை நீட்டவே இடம் போதாது. அப்படியானால் அந்த வரிசையை விட்டுவிடலாம். அங்கே கைப்பிடிக்குள் சாப்பாட்டுத் தட்டு மடிந்திருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது, பிள்ளையை இரண்டு சீட்டில் குறுக்கே படுக்கவைக்கவும் முடியாது. காலடியில் பையும் வைக்க விடமாட்டார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேல்பெட்டிக்குப் போய்விடும். அதனால் ஒரு போத்தல், ஒரு பெம்பஸ், ஒரு துண்டு மூன்றையும் சிறு துணிப்பையில் போட்டு மடியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பால் கணக்கு. இதை விமான நேரத்தை வைத்துப் போடுகிறவர்கள்தான் நடுவழியில் திண்டாடுவார்கள். நமக்குப் பயணம் கட்டுநாயக்கவில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலில் தொடங்குகிறது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாக வேனில் ஐந்தாறு மணித்தியாலம். விமான நிலையத்தில் மூன்று. வளைகுடா வரை ஏறத்தாழ ஐந்து, அங்கே காத்திருப்பு மூன்று, லண்டனுக்கு இன்னொரு ஏழு. இறங்கி வெளியே வர இரண்டு. மொத்தம் இருபத்தைந்து, இருபத்தாறு மணித்தியாலம். நான்கு மணிக்கொரு தடவை பால்மா குடிக்கும் ஆறு மாதப் பிள்ளைக்கு ஏழு வேளை வரும். விமானம் பிந்தினால் என்று மூன்றைக் கூட்டிப் பத்து வேளை மாவை, பால்மா டின்னில் போட்டிருக்கும் அளவுப்படி அளந்து, பத்துச் சின்ன டப்பாக்களில் தனித்தனியாகக் கட்டுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இந்தத் தலையிடி எதுவும் இல்லை. தாய் நிறையத் தண்ணீர் குடித்தால் போதும்.

மாவு கலக்கும் தண்ணீரில்தான் பிழை நடக்கிறது. பால்மா கிருமி நீக்கிய பொருளல்ல. அதில் கிருமி இருந்தால் சாக வேண்டும் என்பதற்காகத்தான் 70 பாகைக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் பிளாஸ்கில் ஊற்றிய வெந்நீர் கட்டுநாயக்க வந்து சேரும்போது அந்தச் சூட்டில் இருக்கும் என்று நம்ப முடியாது. பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் உள்ளே இருக்கும் தேநீர்க் கடையில் கொதிநீர் கேட்டு பிளாஸ்கை நிரப்புங்கள். வளைகுடாவில் மறுபடி சோதனை உண்டு, அதைத் தாண்டிய பிறகு அங்கேயும் புதிதாக நிரப்புங்கள். நூறு மில்லிலீற்றர் கட்டுப்பாடு பிள்ளையின் பாலுக்கும் அதற்கான தண்ணீருக்கும் பொதுவாக இல்லை. ஆனால் பையின் அடியில் புதைத்து வைக்காமல் வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். கலக்கிய போத்தலை ஆறவைக்க, பணிப்பெண்ணிடம் ஒரு குவளை குளிர்தண்ணீர் வாங்கி அதற்குள் இறக்கி வையுங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலக்கி இரண்டு மணித்தியாலம் தாண்டினால் காசு போச்சே என்று பாராமல் ஊற்றிவிடுங்கள்.

இப்போது காது. மலையகத்தாருக்கு இதை விளக்குவது சுலபம். விமானத்துக்குள் காற்றழுத்தம் பொதுவாக 1,800 மீற்றருக்கும் 2,400 மீற்றருக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருப்பது போல வைக்கப்பட்டிருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர். ஆக விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் காதுக்கு அது ஏறத்தாழ நுவரெலியாதான். வேனில் மலையிறங்கும்போது காதடைக்கிறதல்லவா, அதே சங்கதிதான் விமானம் இறங்கும்போதும். வித்தியாசம் வேகத்தில். வேன் மணிக்கணக்கில் இறக்குவதை விமானம் அரை மணித்தியாலத்தில் இறக்கிவிடும். வெளி அழுத்தம் கூடும்போது தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் தானாகத் திறக்காது, விழுங்கினால்தான் திறக்கும். ஏறும்போது காற்று தானே வெளியேறிவிடுவதால் அவ்வளவு கஷ்டமில்லை.

எனவே இறங்கும் நேரத்துக்கென்று ஒரு வேளைப் பாலைப் பிடித்து வையுங்கள். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரியும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். திரையில் உயரம் காட்டும் எண் குறையத் தொடங்கியதும் கொடுங்கள். தூங்கினால் எழுப்பத்தான் வேண்டும். தூக்கத்தில் பிள்ளை விழுங்குவது குறைவு, காது அடைத்து அலறிக்கொண்டுதான் விழிக்கும். சளியோ காதுவலியோ இருந்தால் புறப்படுமுன் டொக்டரிடம் காட்டுங்கள். வேனிலும் இதே முறைதான், ஆனால் கினிகத்தேனை வளைவுகளுக்கு முன் வயிறு முட்டக் கொடுத்தால் கக்கிவிடும். கொஞ்சமாகக் கொடுத்து, கித்துல்கலையில் நிறுத்தி மீதியைக் கொடுங்கள். நிறுத்தியதற்கு வெயிட்டிங் என்று தனிக்காசு கேட்கும் டிரைவர்கள் இருக்கிறார்கள், ஹயர் பேசும்போதே இந்த நிறுத்தத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

தூக்கத்துக்கு வருவோம். கம்பளித் தொப்பி, ஸ்வெட்டர், காலுறை என்று மூட்டை கட்டிய கோலத்திலேயே பிள்ளையைக் கட்டுநாயக்க வெக்கைக்குள் இறக்குவது நம் பழக்கம். அவிசாவளை தாண்டுமுன் பருத்திச் சட்டைக்கு மாற்றுங்கள். விமானத்தில் குளிரும், அப்போது ஒவ்வொன்றாகப் போடலாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். வெளிச்சம் படுகிறதென்று தொட்டிலை முழுக்கப் போர்வையால் மூடக் கூடாது. குலுங்கும்போது பெல்ட் விளக்கு எரிந்தால் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள், அதில் வாதாட இடமில்லை. இரவில் இரண்டு மூன்று தடவை இப்படி நடக்கலாம் என்று எண்ணி, பெரியவர்கள் இருவரும் முறைவைத்து விழித்திருங்கள். தூங்கவைக்க இருமல் சிரப் கொடுக்கச் சொல்லும் அறிவுரையைக் காதில் வாங்காதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது மூச்சைப் பாதிக்கக்கூடும்.

கடதாசிகளில் தோட்டப்புறத்தாரை வாட்டுவது பெயர் எழுத்து. பிறப்புச் சான்றிதழ் ஒரு மொழியில், பெற்றோரின் அடையாள அட்டை இன்னொரு எழுத்துக்கூட்டலில் இருக்கும். பிள்ளையின் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சரிசெய்துகொள்ளுங்கள், பிறகு இழுபடும். டிக்கெட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். மடிக் குழந்தைக்கும் தனி டிக்கெட் உண்டு. உங்கள் பதிவில் அதன் பெயருக்குப் பக்கத்தில் INF என்று நிற்கிறதா பாருங்கள். திரும்பி வருமுன் பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பினால் வரும் வழிக்குத் தனிச் சீட் வாங்கியாக வேண்டும். விசாவும் பிள்ளைக்குத் தனி.

தாய் மட்டுமோ தகப்பன் மட்டுமோ கூட்டிப்போனால், மற்றவரின் ஒப்பமிட்டு உறுதிப்படுத்திய சம்மதக் கடிதம், அவருடைய கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், அதற்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் வேண்டும். பிள்ளையின் குடும்பப் பெயர் கூட்டிப்போகிறவர் பெயரோடு ஒத்துவராவிட்டால் கேள்வி நிச்சயம் வரும். நம் ஆட்களில் தகப்பன் பெயர் வேறு, பிள்ளையின் பெயர் வேறு என்பது சாதாரணம்தானே. இவற்றைப் பெட்டியில் பூட்டி அனுப்பிவிடாதீர்கள். லண்டனில் குடிவரவு மேசை முதலில், பெட்டி பிறகுதான்.