வெள்ளிக்கிழமை நானே அப்ளை பண்ணிடுவேன்

பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்தவரிடம் ரெஃபரல் கேட்பது சென்னை ஐடியில் சர்வ சாதாரணம். ஓஎம்ஆர் டீக்கடைகளில் "உங்க கம்பெனில ஏதாவது ஓப்பனிங் இருக்கா?" என்று யாராவது யாரிடமாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். இவ்வளவு சாதாரணமாக இருப்பதால், கேட்கப்படுபவருக்கு அது எப்படி இருக்கும் என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை. நான் பல வருடங்கள் கேட்கப்படும் பக்கத்தில் இருந்தவன். போன வருடம் எங்கள் ப்ராஜெக்ட் முடியப்போகிறது, அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை வேலையில்லாமல் பெஞ்சில் உட்கார வேண்டிவரும் என்று தெரிந்ததும் கேட்கும் பக்கத்துக்கு வந்தேன்.

ரெஃபர் செய்பவரின் திரையில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் உள்தளத்தில் ரெஃபரல் போர்ட்டல் ஒன்று இருக்கும். அதில் வேலையைத் தேர்ந்தெடுத்து, நம் பெயர், ஈமெயில், போன் நம்பர் போட்டு, ரெஸ்யூமேயை ஏற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் பல போர்ட்டல்களில் அதோடு முடியாது. "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?", "நேரடியாகச் சேர்ந்து வேலை செய்திருக்கிறீர்களா?", "எவ்வளவு உறுதியாகப் பரிந்துரைக்கிறீர்கள்?" என்று கேள்விகள் வரும். பெயரைப் போட்டுவிடுவது ஒரு உதவி. "இவருக்கு நான் கியாரண்டி" என்று சொல்வது வேறு உதவி, அதன் விலையும் வேறு. நாம் "ஒரு ரெஃபர் பண்ணி விடுங்களேன்" என்று கேட்கும்போது இந்த இரண்டில் எதைக் கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. சங்கடத்தில் பாதி இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது. பெயரைப் போட்டுவிட்டால், அடுத்து "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று வந்து நிற்பானோ என்ற பயம் அவருக்கு இருக்கும். நிறைய பேர் அப்படித்தான் வந்து நிற்கிறார்கள், அதனால் அந்தப் பயத்தில் தப்பில்லை.

நான் கேட்க நினைத்தவர் என் பழைய டீமில் இருந்தவர். என்னைவிட ஜூனியர். மூன்று வருடம் முன்பு தரமணி பக்கம் ஒரு ப்ராடக்ட் கம்பெனிக்குப் போய்விட்டார். இடையில் எங்களுக்குள் பிறந்தநாள் வாழ்த்தும், லிங்க்ட்இன்னில் ஒரு "கங்கிராட்ஸ்"ஸும்தான். அவர் கம்பெனியின் கேரியர்ஸ் பக்கத்தில் எனக்குப் பொருந்தும் வேலை ஒன்று தெரிந்தது.

போன் செய்யலாமா என்று யோசித்து வேண்டாம் என்று விட்டேன். குரலுக்கு எதிரே நம் ஊரில் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "அனுப்பி வைங்க, பாக்கறேன்" என்பார்கள். அதன் பிறகு அனுப்பியவர் காத்திருப்பார், வாங்கியவர் தள்ளிப்போடுவார், கடைசியில் இருவரும் ஒருவரையொருவர் தவிர்க்க ஆரம்பிப்பார்கள். பழைய டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பது இன்னும் மோசம், பத்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதில் சொல்ல வேண்டிவரும். அவருடைய ஆபீஸ் மெயிலுக்கும் எழுதக் கூடாது, அது கம்பெனியின் சொத்து. தனி வாட்ஸ்அப் மெசேஜ் போதும் என்று முடிவு செய்தேன்.

அனுப்பியது கிட்டத்தட்ட இதுதான். எழுதியது தங்கிலீஷில், இங்கே தமிழில் போடுகிறேன்.

"ஹாய், எப்படி இருக்கீங்க? ரொம்ப நாளாச்சு. நேரா விஷயத்துக்கு வரேன், ஒரு ரெஃபரல் கேட்கத்தான் மெசேஜ் பண்றேன். உங்க கம்பெனில சீனியர் பேக்எண்ட் இன்ஜினியர் வேலை ஒண்ணு பார்த்தேன், லிங்க் கீழே இருக்கு. நான் இன்னும் அப்ளை பண்ணல. போர்ட்டல்ல பேரைப் போட்டு விட்டா போதும், யார்கிட்டயும் தனியா பேச வேண்டாம். இப்போ தோதுப்படலன்னா ஒண்ணும் இல்ல, காரணமும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நானே நேரா அப்ளை பண்ணிடுவேன். அதுக்குள்ள உங்ககிட்ட இருந்து பதில் வந்தா உங்க வழியா, இல்லன்னா அந்த வழியா."

நலம் விசாரிப்பதை ஒரு வரியில் முடித்தது வேண்டுமென்றே செய்தது. "குழந்தை எப்படி இருக்கா, வீடு மாறியாச்சா" என்று இரண்டு நாள் பேசிவிட்டு மூன்றாம் நாள் ரெஃபரலை எடுத்தால், முந்தைய இரண்டு நாள் பேச்சும் பொய்யாகிவிடும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது, வாங்கும் பக்கத்தில். அதற்கு நேரடியாகக் கேட்டவர்களே மேல்.

"இன்னும் அப்ளை பண்ணல" என்பது சும்மா சேர்த்த வரி இல்லை. நாமே கேரியர்ஸ் பக்கத்தில் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தாலோ, ஒரு கன்சல்டன்சி நம் ரெஸ்யூமேயை அனுப்பியிருந்தாலோ, பல கம்பெனிகளில் அதே வேலைக்கான ரெஃபரல் செல்லாது. "இவர் ஏற்கெனவே சிஸ்டத்தில் இருக்கிறார்" என்று போர்ட்டல் திருப்பி அனுப்பிவிடும். அவர் நேரம் செலவழித்து ஃபார்ம் நிரப்பிய பிறகு அப்படி வந்தால், அவருக்கும் எரிச்சல், நமக்கும் தலைகுனிவு. கேட்பதாக இருந்தால் அப்ளை செய்யும் முன் கேட்க வேண்டும்.

இந்த வரிசை இருப்பதால்தான் வெள்ளிக்கிழமை என்று ஒரு நாளைச் சொல்ல முடிந்தது. கெடு விதிப்பது போல இருக்காதா என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். அந்த நாள் அவர் செய்யவேண்டிய காரியத்துக்கு இல்லை, நான் செய்யப்போகும் காரியத்துக்கு. வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டால் விஷயம் தானாக முடிந்துவிடும். பதில் போடாமல் இருந்ததற்காக அவர் பிறகு விளக்கம் சொல்ல வேண்டாம். "பார்த்தீங்களா?" என்று நான் மறுபடி கேட்கவும் இடமில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்து பதில் வராமல் இருந்தால்கூட இரண்டு பேருக்கும் உறுத்தாது. நாள் குறிக்காமல் "டைம் கிடைக்கும்போது பாருங்க" என்று விடுவதுதான் உண்மையில் பாரம். அது முடியவே முடியாது.

போனஸ் பற்றி எதுவும் எழுதவில்லை. ரெஃபர் செய்யப்பட்டவர் சேர்ந்து சில மாதம் தாக்குப்பிடித்தால் ரெஃபர் செய்தவருக்கு ரெஃபரல் போனஸ் வரும் என்பது அவருக்கே தெரியும். "உங்களுக்கும் போனஸ் கிடைக்கும்ல" என்று நாம் சொன்ன நிமிடத்திலேயே உதவி பேரமாகிவிடுகிறது.

ரெஸ்யூமேயையும் முதல் மெசேஜில் இணைக்கவில்லை. சரி என்று சொல்லும் முன்பே பிடிஎஃப் வந்து விழுந்தால், வேலையை ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டது போல இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பி அவர் வேலையைச் சுலபமாக்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. சரி என்ற பிறகு அது சரிதான், அதற்கு முன் இல்லை.

மறுநாள் பதில் வந்தது. "அதே வேலைக்கு என்கூட இருந்த ஒரு பையனை போன வாரம்தான் போட்டேன். ரெண்டு பேரைப் போட்டா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நீங்க நேரா போடுங்க, ப்ளீஸ் தப்பா எடுத்துக்காதீங்க." இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று வெளியிலிருந்து நம்மால் ஊகிக்கவே முடியாது. காரணம் வேண்டாம் என்று சொன்னதால்தான் அவரால் உண்மையான காரணத்தைச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். "இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு, அந்தப் பையனுக்குக் கிடைக்கட்டும்" என்று எழுதிவிட்டு, சொன்னபடி வெள்ளிக்கிழமை அப்ளை செய்தேன். எதிர்பார்த்தபடியே அங்கிருந்து எந்தத் தகவலும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அவரே மெசேஜ் செய்தார். வேறு டீமில் ஓப்பனிங் வந்திருக்கிறது, போடவா என்று. இங்கே ஒரு சிக்கல். நான் முன்பு நேரடியாக அப்ளை செய்ததால் என் ஈமெயில் அவர்கள் சிஸ்டத்தில் இருந்தது. சில இடங்களில் ஒருமுறை நேரடியாக வந்தவரை குறிப்பிட்ட மாதங்கள் வரை எந்த வேலைக்கும் ரெஃபரலாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை முறைக்கு இப்படி ஒரு செலவு உண்டு. அவர் ரெக்ரூட்டரிடம் கேட்டுப் பார்த்தார். அங்கே வேலைக்கு வேலை தனிக் கணக்கு என்பதால் தப்பித்தேன்.

இந்த முறை எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் அனுப்பினேன்: ரெஸ்யூமே பிடிஎஃப், ஜாப் ஐடி, விண்ணப்பத்துக்கான ஈமெயிலும் போன் நம்பரும், மூன்று மாத நோட்டீஸ் பீரியட். சம்பளத்தைச் சொல்லவில்லை. அதை ஹெச்ஆர் கேட்கும்போது ஹெச்ஆரிடம் சொன்னால் போதும். பழைய சகாவிடம் சொன்னால் அவர் தன் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. கூடவே, "எப்படித் தெரியும்" கேள்விக்காக மூன்று வரி. அவர் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினேன். ராத்திரி ஓடி இரண்டு பக்கக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ரீகன்சிலியேஷன் ப்ரோக்ராம் விடிந்த பிறகும் முடியாமல் இழுத்தபோது, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து நாங்கள் சேர்ந்து சரிசெய்த கதை. அவர் போன பிறகு நான் செய்த பெரிய காரியங்களை எழுதவில்லை. அவர் பார்க்காததற்கு அவரைச் சாட்சி ஆக்குவது நியாயமில்லை.

ரெஃபர் செய்த பிறகு ஸ்டேட்டஸ் கேட்டு நச்சரிப்பதால் ஒரு பயனும் இல்லை. போர்ட்டலில் அவருக்கும் "பரிசீலனையில்" என்ற ஒற்றை வார்த்தைக்கு மேல் பெரிதாக எதுவும் தெரியாது. ரெக்ரூட்டர் கூப்பிட்ட பிறகு எல்லாக் கேள்விகளும் ரெக்ரூட்டரிடம்தான். ரெஃபர் செய்தவரிடம் இரண்டு தடவைதான் பேசினேன், இன்டர்வியூ தேதி வந்தபோதும், ஆஃபர் வந்தபோதும்.

ஆஃபர் வந்த பிறகுதான் ரெஃபர் செய்தவருக்கு உண்மையான பயம் தொடங்குகிறது. மூன்று மாத நோட்டீஸில் ஒரு ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் காட்டி இன்னொன்று வாங்குவது இங்கே வழக்கம். சேரும் நாளன்று ஆள் வராமல் போனால் ஹெச்ஆர் முதலில் கூப்பிடுவது ரெஃபர் செய்தவரைத்தான். "உங்க ஃப்ரெண்டு போனே எடுக்க மாட்டேங்கறாரே" என்று என்னையே ஒருமுறை கேட்டிருக்கிறார்கள், என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

அதனால் நோட்டீஸ் காலத்தில் வேறொரு கம்பெனியின் கடைசி ரவுண்டுக்குப் போனபோது, போகும் முன்பே அவருக்கு எழுதினேன். "இன்னொரு இடத்துல பேசிட்டிருக்கேன். உங்க கம்பெனிக்கு வரலன்னு முடிவு பண்ணா, ஹெச்ஆருக்கு சொல்ற அன்னிக்கே உங்களுக்கும் சொல்லிடுவேன், சேர்ற நாள் வரைக்கும் இழுக்க மாட்டேன்." அவர் ஒரு தம்ஸ்அப் மட்டும் போட்டார். அந்த இன்னொரு இடம் சரிப்பட்டு வரவில்லை. இப்போது தரமணியில் அவருக்கு இரண்டு மாடி கீழே உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பையனும் இங்கேதான் இருக்கிறான், ரொம்ப நன்றாகவே வேலை செய்கிறான்.