நீர் என்றால் கோபமா, அன்பா?

யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நான்கு நாள் தங்கினேன். முதல் நாள் காலை வீட்டுக்கார அன்ரி கேட்டார்: "நீர் வடிவா நித்திரை கொண்டீரோ?" எனக்குப் பகீரென்றது. கோயம்புத்தூரில் எங்கள் அப்பா "நீர்" என்று ஆரம்பித்தால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். "ஐயா நீர் பெரிய ஆளு" என்பார், எங்கள் தாத்தாவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. வேறு எங்கே கேட்டிருக்கிறேன்? சர்ச் ஜெபத்தில், ராஜா நாடகத்தில். அவ்வளவுதான்.

ராத்திரி வெந்நீரை அதிகம் செலவழித்துவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தேன். அப்போது அங்கிள் உள்ளே இருந்த அன்ரியைப் பார்த்து, "நீரும் வந்து இரும், குடியும்" என்றார். குரலில் அத்தனை கனிவு. அன்ரியோ அவரை "நீங்கள்" என்றுதான் கூப்பிட்டார்.

அங்கே படி மூன்று. 'நீ' பெற்றோர் பிள்ளைகளிடமும், மிக நெருங்கியவர்களிடமும், கோபத்திலும் சொல்வது. 'நீர்' வயதில் இளையவருக்கும் சமமானவருக்கும் தரும் மரியாதை. 'நீங்கள்' பெரியவர்களுக்கும் அறிமுகமில்லாதவர்களுக்கும். சொல்லைத் தவறவிட்டாலும் வினை காட்டிக்கொடுக்கும்: செய்யிறாய், செய்யிறீர், செய்யிறியள். எங்கள் ஊரில் நடுப்படி தேய்ந்துபோய்விட்டது, அதனால்தான் அன்றாடப் பேச்சில் அது கேலிக்கும் சண்டைக்கும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் இன்னும் பழைய ஆட்கள் "வாரும்வே, இரும்" என்று உரிமையோடு சொல்வதைக் கேட்கலாம்.

பழைய தமிழில் 'நீர்' பலரைக் குறித்த சொல். ஒருவரைப் பன்மையில் அழைப்பதே மரியாதை என்று ஆனபோது, ஒற்றை ஆளுக்கும் வந்தது. அப்புறம் 'கள்' சேர்த்த 'நீங்கள்' மேலே ஏறிக்கொள்ள, 'நீர்' ஒரு படி இறங்கிவிட்டது.

நான் அடித்த கூத்து இரண்டு. பக்கத்து வீட்டுப் பையனிடம், பாசமாகத்தான், "டேய், நீ எத்தனாவது படிக்கிற?" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "அவனை நீ எண்டு சொல்லாதேயும், ஏசிறது போல கிடக்கும்" என்றார் அன்ரி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சரி, பாடம் படித்தாயிற்று என்று அடுத்த நாள் கடைக்குப் போனேன். கல்லாவில் எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர். நான் மிகப் பணிவாக, "ஐயா, நீர் சில்லறை வைத்திருக்கிறீரா?" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். காசை எண்ணி மேசையில் வைத்தார்.

"நீங்கள் இந்தியாவோ?"